கண்மாய் ஆய்வுக்கு ஒரு நூற்குறிப்பு: சுருக்கம், மதிப்பீடு, தொடர்பு

கேள்வி: மதுரையில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம் படிக்கிறேன். புராஜெக்ட் தலைப்பு ‘மேலூர் பகுதிக் கண்மாய்களின் பராமரிப்பு’. கைடு அனோட்டேட்டட் பிப்ளியோகிராஃபி கேட்கிறார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம், மதிப்பீடு, என் தலைப்போடு தொடர்பு மூன்றும் வேண்டுமாம். எழுதிக் கொடுத்ததை ‘இதெல்லாம் பின் அட்டையிலேயே இருக்கிறதே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு குறிப்பை எப்படித்தான் எழுதுவது?

பதில்:

உங்கள் கைடு சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் சிக்கல் குறிப்பில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. ‘மேலூர் பகுதிக் கண்மாய்களின் பராமரிப்பு’ என்பது ஒரு தலைப்பு மட்டுமே, கேள்வி அல்ல. கேள்வி இல்லாமல் ஒரு புத்தகத்தை மதிப்பிட முடியாது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று சொல்ல ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும் அல்லவா? அது இல்லாதபோது கை தானாகவே ‘சிறந்த நூல்’, ‘விரிவான ஆய்வு’ என்று எழுதத் தொடங்கிவிடும்.

அதனால் முதலில் தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள். உதாரணத்துக்கு நான் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் வந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயில் மேலூர் வரை வருகிறது. அதுவரை மழையை நம்பியிருந்த பல கண்மாய்கள் கால்வாய்த் தண்ணீர் பெறும் கண்மாய்களாக மாறின. தண்ணீர் அரசாங்கக் கால்வாயில் வந்த பிறகு கண்மாயைத் தூர்வாருவதும், கரையைக் கட்டுவதும், மடையைப் பார்த்துக்கொள்வதும் யார் பொறுப்பாக இருந்தன? ஊரிடமிருந்து அரசுக்குப் போனதா, அல்லது அதற்கு முன்பும் ஊர் மட்டும் தனியாகச் செய்துகொண்டிருக்கவில்லையா? இது கேள்வி. இனி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இதை வைத்து உரசிப் பார்க்கலாம்.

இப்போது ஒரு புத்தகத்தை எடுத்து முழுவதும் செய்து காட்டுகிறேன். டேவிட் மோஸ் எழுதிய ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’, 2003-இல் ஆக்ஸ்ஃபோர்ட் யூனிவர்சிட்டி பிரஸ் வெளியிட்டது. தென் தமிழகத்துக் கண்மாய்களைப் பற்றி ஆய்வு செய்யும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. திருப்பி வாங்கிய குறிப்பு அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும்:

‘இந்த நூல் தென்னிந்திய நீர்ப்பாசனத்தைப் பற்றி விரிவாக ஆராய்கிறது. ஆசிரியர் வரலாறு, சமூகம், அரசு ஆகியவற்றைப் பற்றிப் பல முக்கியமான தகவல்களைத் தருகிறார். ஆழமான ஆய்வு நூல். என் ஆய்வுக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.’

இதில் எந்த வாக்கியமும் பொய் இல்லை. ஆனால் ‘நீர்ப்பாசனம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு ‘நெசவு’ என்று போட்டால் இதே குறிப்பு சௌராஷ்டிர நெசவாளர்களைப் பற்றிய புத்தகத்துக்கும் பொருந்தும். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படி இன்னொரு புத்தகத்தின் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது இங்கே தேவையில்லை. என் கையில் வரும் குறிப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையிலேயே அடிபட்டுப் போகும்.

சுருக்கத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது இயல்களை வரிசையாகச் சொல்வது: முதல் இயல் இதைப் பேசுகிறது, இரண்டாம் இயல் அதைப் பேசுகிறது. அது பொருளடக்கம். சுருக்கத்துக்கு வேண்டியது மூன்றுதான். ஆசிரியர் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார், அதற்கு என்ன பதில் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார். இந்த மூன்றையும் கண்டுபிடிக்கப் புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. முன்னுரையையும் முடிவுரையையும் நிதானமாகப் படித்தால் கேள்வியும் பதிலும் கிடைக்கும். ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பது நடு இயல்களிலும் அடிக்குறிப்புகளிலும் இருக்கும்.

மோஸ் ஒரு மானுடவியலாளர். 1980-களில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். கிராமத்தின் உண்மைப் பெயரை மறைத்து வேறு பெயர் கொடுத்திருக்கிறார். கள ஆய்வோடு பழைய ஆவணங்களையும் சேர்த்துப் பார்க்கிறார். அவர் எதிர்த்துப் பேசுவது நாம் எல்லோரும் கேட்டிருக்கும் ஒரு கதையை: அந்தக் காலத்தில் ஊர் மக்கள் ஒற்றுமையாகக் கண்மாயைப் பராமரித்தார்கள், வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் கெட்டது. அப்படித் தனியாக, தன்னிறைவாக இயங்கிய ஊர்ச் சமூகம் என்ற படம் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது அவர் வாதம். கண்மாய்கள் அரசர்களின், பாளையக்காரர்களின், ஜமீன்களின் அதிகாரத்தோடும், கோயில் மரியாதையோடும், சாதிப் படிநிலையோடும் பின்னிக் கிடந்தவை. பராமரிப்பு நன்றாக நடந்த காலமும் கெட்ட காலமும் அந்த அதிகாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்திருந்தன என்கிறார்.

சுருக்கம் எழுதும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘பேசுகிறார்’, ‘விவரிக்கிறார்’, ‘ஆராய்கிறார்’ என்று எழுதினால் அதற்குப் பின்னால் ஒரு பொருள் மட்டும் வரும், கருத்து வராது. ‘மறுக்கிறார்’, ‘வாதிடுகிறார்’, ‘காட்டுகிறார்’ என்று எழுதிப் பாருங்கள். எதை மறுக்கிறார் என்று நீங்கள் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். படிக்காமல் எழுதுபவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

அடுத்தது மதிப்பீடு. இங்கேதான் எம்.ஏ. மாணவர்கள் தயங்குகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட புத்தகத்தைக் குறை சொல்ல நான் யார் என்று ஒரு கூச்சம். உங்களை மார்க் போடச் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு ஆதாரம் எந்த ஊரிலிருந்து, எந்தக் காலத்திலிருந்து வந்தது, யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தால் போதும்.

மோஸ் புத்தகத்தில் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்போம். ஆதாரம் வலுவானது: ஒரே ஊரில் நீண்ட காலம் இருந்து பார்த்ததும், ஆவணமும் சேர்ந்து வருகின்றன. இதை ‘ஆழமான ஆய்வு’ என்று சொல்வதைவிட, ஆழம் எதனால் வந்தது என்று சொல்லிவிடுங்கள். அடுத்து இடம். அவர் பார்த்தது ஜமீன் ஆட்சியில் இருந்த, மழையை நம்பிய கண்மாய்கள் உள்ள பகுதி. உங்கள் மேலூர்க் கண்மாய்களில் பல பெரியாற்றுக் கால்வாயிலிருந்து தண்ணீர் பெறுபவை. அங்கே தண்ணீர் எப்போது வரும் என்பதை மேகம் மட்டும் முடிவு செய்வதில்லை; ஷட்டரைத் திறக்கும் நீர்வளத் துறையும் முடிவு செய்கிறது. ஆக, அதிகாரமும் பராமரிப்பும் பின்னிக் கிடந்தன என்ற அவர் பார்வையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் ஊரில் நடந்தது மேலூரிலும் நடந்தது என்று எழுத முடியாது. காலத்தைப் பார்த்தால், புத்தகம் 2003-இல் வந்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தொடங்கிய திட்டம் இதில் இருக்க வழியில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலூர் இதில் இல்லை என்பது புத்தகத்தின் குறை அல்ல. உங்கள் தேவைக்கு அது எட்டாத இடம், அவ்வளவுதான். ‘ஆசிரியர் மேலூர் பகுதியைக் கவனிக்கத் தவறிவிட்டார்’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். ‘இதன் ஆதாரம் வானம் பார்த்த கண்மாய்களிலிருந்து வருவதால் கால்வாய்க் கண்மாய்களுக்கு நேரடியாகப் பொருத்த முடியாது’ என்று எழுதினால் தலையாட்டுவார். உண்மையான குறை என்பது, ஆசிரியர் தான் எடுத்துக்கொண்ட கேள்விக்கே போதுமான ஆதாரம் தராமல் இருப்பது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். கண்ணில் படாவிட்டால் வலுக்கட்டாயமாகத் தேட வேண்டாம்.

மூன்றாவது, தொடர்பு. நான் சொல்லித் தரும்போது மாணவர்களை இதைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். படித்து முடித்தவுடன் ஒரே வாக்கியம்: ‘இந்தப் புத்தகத்தை என் புராஜெக்டில் இன்ன இயலில், இன்னதைச் சொல்லப் பயன்படுத்துவேன்.’ இந்த வாக்கியம் வந்துவிட்டால் சுருக்கத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிந்துவிடும். மோஸ் புத்தகத்தில் கோயில் மரியாதைகள் பற்றி எவ்வளவோ இருக்கிறது. உங்கள் கேள்வி பராமரிப்புப் பொறுப்பு. ஆகவே மரியாதை பற்றி அரை வாக்கியம் போதும். இதே புத்தகத்தைக் கோயில் திருவிழா பற்றி ஆய்வு செய்யும் உங்கள் வகுப்புத் தோழி எடுத்தால் அவர் எழுதும் சுருக்கம் வேறாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால், அந்தப் புத்தகம் உங்கள் பட்டியலுக்கு வேண்டாம். பட்டியலின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அதை வைத்திருக்காதீர்கள்.

தொடர்பு என்றால் உங்கள் தலைப்போடு மட்டுமல்ல, பட்டியலில் உள்ள மற்ற நூல்களோடும்தான். மோஸ் மறுக்கும் கதையை யார் சொன்னார்கள்? டெல்லியில் உள்ள சென்டர் ஃபார் சயன்ஸ் அண்ட் என்விரான்மென்ட் 1997-இல் வெளியிட்ட ‘டையிங் விஸ்டம்’ என்ற தொகுப்பைப் பாருங்கள். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பதிப்பித்தது. இந்தியா முழுவதும் இருந்த மரபான நீர் சேகரிப்பு முறைகளைப் பகுதி பகுதியாகத் தொகுத்து, ஊர்ச் சமூகத்தின் கையிலிருந்த நிர்வாகம் ஆங்கிலேய ஆட்சியில் அரசின் கைக்குப் போனதைச் சிதைவின் முக்கியக் காரணமாகச் சொல்கிறது. இந்த இரண்டும் உங்கள் பட்டியலில் அடுத்தடுத்து இருந்து, ஒன்று மற்றொன்றைக் குறிப்பிட்டால் உங்கள் புராஜெக்டின் முதல் இயலில் எழுத வேண்டிய விவாதம் ஏறக்குறைய தயாராகிவிடும்.

சரி, இப்போது குறிப்பை எழுதிவிடலாம்.

‘மோஸ், டேவிட். தி ரூல் ஆஃப் வாட்டர்: ஸ்டேட்கிராஃப்ட், எக்காலஜி அண்ட் கலெக்டிவ் ஆக்‌ஷன் இன் சவுத் இந்தியா. ஆக்ஸ்ஃபோர்ட் யூனிவர்சிட்டி பிரஸ், 2003.

கண்மாய்களை ஒரு காலத்தில் தன்னிறைவான ஊர்ச் சமூகங்கள் பராமரித்தன, காலனி ஆட்சி அதைச் சிதைத்தது என்ற பரவலான கருத்தை மோஸ் மறுக்கிறார். ராமநாதபுரம்–சிவகங்கைப் பகுதியில் 1980-களில் செய்த கள ஆய்வையும் வரலாற்று ஆவணங்களையும் கொண்டு, கண்மாய்ப் பராமரிப்பு அரசர், ஜமீன், சாதி, கோயில் ஆகியவற்றின் அதிகாரத்தோடு பிணைந்திருந்தது என்று வாதிடுகிறார். ஒரே ஊரில் நீண்ட காலம் கவனித்ததும் ஆவணச் சான்றும் சேர்ந்திருப்பது இதன் பலம். ஆனால் சான்றுகள் ஜமீன் பகுதியின் மழை சார்ந்த கண்மாய்களிலிருந்து வருவதால், பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பெறும் மேலூர்க் கண்மாய்களுக்கு இதன் முடிவுகளை அப்படியே பொருத்த இயலாது. ‘டையிங் விஸ்டம்’ முன்வைக்கும் ஊர்ச் சமூக விளக்கத்துக்கு எதிர்த்தரப்பாக இதை முதல் இயலில் பயன்படுத்துவேன். 1895-க்கு முன் மேலூரில் பராமரிப்பை உண்மையில் யார் கட்டுப்படுத்தினார்கள் என்று ஆவணங்களில் தேடுவதற்கான கேள்வியும் இந்நூலிலிருந்தே வருகிறது.’

இவ்வளவுதான். ஆங்கிலத்தில் பொதுவாக 150 முதல் 200 சொற்கள் கேட்பார்கள். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நூறு சொற்களைச் சுற்றியே முடிந்துவிடும். மூன்றையும் சம அளவில் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த நூலுக்குச் சுருக்கம் குறைவாகவும் மதிப்பீடு அதிகமாகவும் இருக்கலாம். ‘சுருக்கம்’, ‘மதிப்பீடு’ என்று துணைத்தலைப்பு போட வேண்டுமா என்றால், கைடு கேட்டால் போடுங்கள். கேட்காவிட்டால் ஒரே பத்தியாக விடுவது நல்லது, ஏனென்றால் தலைப்பு போட்டவுடன் பெட்டியை நிரப்பும் எழுத்து வந்துவிடும்.

எல்லா மூலத்துக்கும் ஒரே கேள்விகள் பொருந்தாது. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிரதி archive.org தளத்தில் கிடைக்கிறது. இதில் பாசனம் பற்றியும் பெரியாறு திட்டம் பற்றியும் செய்தி உண்டு. கடைசிப் பகுதியில் தாலுகா வாரியாக ஊர்களைச் சொல்லும்போது மேலூரும் வரும். இதற்குச் சுருக்கம் என்று வாதத்தைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் இது வாதிடும் நூல் அல்ல. எந்தப் பகுதியைப் படித்தீர்கள், அதில் என்ன வகைச் செய்தி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மதிப்பீட்டில் ‘பழைய நூல் என்பதால் நம்பகத்தன்மை குறைவு’ என்று எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு அதன் பழமைதானே வேண்டும்! அணை திறந்து பதினோரு ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. அதை எழுதியவர் ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி, எழுதியது நிர்வாகத்தின் பயன்பாட்டுக்காக. பரப்பளவு, வருவாய், செலவு போன்றவற்றை அரசு எப்படிக் கணக்கிட்டது என்பதற்கு இது நல்ல சான்று. மடையில் நின்ற விவசாயி என்ன நினைத்தார் என்பதற்குச் சான்று ஆகாது. அரசே கட்டிய திட்டத்தை அரசு அதிகாரி மதிப்பிடுகிறார் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். ‘பெரியாறு தண்ணீரை அரசு எப்படிப் பார்த்தது என்று காட்ட இரண்டாம் இயலில் முதன்மைச் சான்றாகப் பயன்படுத்துவேன், ஊர் மக்களின் பங்கு பற்றிய இதன் மௌனத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்’ என்று முடித்தால் தொடர்பும் வந்துவிட்டது.

அந்த மௌனம் பற்றிய விஷயம் முக்கியம். ஒரு ஆவணம் ஒன்றைச் சொல்லவில்லை என்பதாலேயே அது நடக்கவில்லை என்று ஆகாது. அதே போல எதிர்ப்பக்கமும் உண்டு. கண்மாய் வேலைக்கு ஊரார் உழைப்பைக் கட்டாயப்படுத்த 1858-இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டார்கள். சட்டத்தை மட்டும் படித்துவிட்டு, ஊரார் அதற்குப் பணிந்து வேலை செய்தார்கள் என்று எழுத முடியாது. தானாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு எதற்குக் கட்டாயச் சட்டம் என்று வேண்டுமானால் கேட்கலாம். அந்தக் கேள்வியையே சட்டத்துக்கான குறிப்பில் மதிப்பீடாக எழுதலாம். அரசாணை, சட்டம், திட்ட அறிக்கை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்: என்ன நடக்க வேண்டும் என்று விரும்பினார்கள் என்பதற்குச் சான்று, நடந்ததற்கு அல்ல.

நாளிதழ்க் கட்டுரைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தேதி, பக்கம், செய்தியாளர் யாரிடம் பேசினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரியை மட்டும் மேற்கோள் காட்டும் செய்தி வேறு, ஆயக்கட்டு விவசாயிகளிடமும் பேசிய செய்தி வேறு.

முழுவதும் படிக்காத நூலைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோர் மனதிலும் உள்ள கேள்வி அது. சேர்க்கலாம், ஆனால் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும். ‘தமிழ்நாடு பற்றிய பகுதியை மட்டும் பயன்படுத்தினேன்’ என்று ஒரு வரி. ‘டையிங் விஸ்டம்’ போன்ற தொகுப்புக்கு அதுதான் நியாயமும்கூட. நாடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும் தொகுப்பு ஒரு பகுதிக்குக் கொடுக்கும் இடம் குறைவு என்பதை அதன் மதிப்பீட்டிலும் சொல்லலாம். ஒரு பிரச்சினையைப் பொதுமக்கள் முன் வைக்க எழுதிய நூல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் அது பொய்யாகிவிடாது, ஆனால் எதை அழுத்திச் சொல்லும் என்று தெரிந்துவிடும். இணையத்தில் யாரோ எழுதிய மதிப்புரையிலிருந்து ஒரு கருத்தை எடுத்தால் அதை உங்கள் மதிப்பீடாக எழுதாதீர்கள். வாய்மொழித் தேர்வில் ‘இது எந்த இயலில் வருகிறது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

கடைசியாக நூல் விவர வரி. எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ என்று எந்த முறை வேண்டும் என்பதைக் கைடிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். மேலே நான் எழுதியது எம்.எல்.ஏ. முறையை ஒட்டியது, உங்கள் துறையில் வேறு வழக்கம் இருக்கலாம். எந்த முறையானாலும் முதல் வரி ஓரத்தில் தொடங்கும், அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி வரும். குறிப்புப் பத்தி அதற்குக் கீழே. தமிழ்ப் பெயர்களில்தான் தடுமாற்றம் வரும். நம் முதலெழுத்து பெரும்பாலும் அப்பா பெயர், குடும்பப் பெயர் அல்ல. மென்பொருள் அதைப் புரட்டிப்போட்டு, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, அகர வரிசையில் வேறெங்கோ கொண்டுபோய் வைத்துவிடும். தமிழ் ஆசிரியர்களை அவர்களின் சொந்தப் பெயரில் வரிசைப்படுத்தி, முதலெழுத்தைப் பின்னால் போடுங்கள். பட்டியல் முழுவதும் அதே முறையில் இருக்கிறதா என்று பிரிண்ட் எடுப்பதற்கு முன் ஒருமுறை கையால் சரிபார்த்துவிடுங்கள்.